டாரட்டில் வாள் ராணி வந்தால் அது மாமியாரா, நீங்களா? உறவுக் கேள்விகளில் அரசவை அட்டைகளைப் படிக்கும் முறை

டாரட் பழகத் தொடங்கிய புதிதில் மற்ற அட்டைகள் எப்படியோ வசப்பட்டுவிடும். அரசவை அட்டைகள் மட்டும் வழிமறித்துக்கொண்டு நிற்கும். கோல், கோப்பை, வாள், நாணயம் என்ற நான்கு வகைகளிலும் பேஜ், நைட், ராணி, ராஜா என்று நால்வர். ஆக மொத்தம் பதினாறு முகங்கள். உறவைப் பற்றிய கேள்வியில் அவர்களில் ஒருவர் வந்து உட்கார்ந்தால், அது வெளியே இருக்கும் ஆளா, கேட்பவரின் சுபாவத்தில் ஒரு பகுதியா என்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் நான் காசு கொடுத்துப் பார்த்த இடங்களில் ராணி விழுந்தாலே மாமியார், நைட் விழுந்தாலே புதிய காதலர் என்று முடித்துவிட்டார்கள். அதை நம்பி வீட்டில் பேசிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் விலை தெரியும். நீங்களாவது அந்தச் சிக்கலில் விழாமலிருக்க, நான் இப்போது பின்பற்றும் முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

ஐந்து அட்டைகளைக் குறித்த இடங்களில் பரப்பி வைக்கும் விரிப்பை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன். 78 அட்டைகளில் 16 அரசவை அட்டைகள் என்பதால், ஐந்து எடுத்தால் பத்தில் ஏழு முறை குறைந்தது ஒன்றாவது வந்துவிடும். எனவே இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு நீங்கள் டாரட் படிக்க முடியாது.

1. தேவையான பொருள்கள், செலவு, நேரம்

ரைடர் வெயிட் வகை அட்டைக் கட்டு ஒன்று, கோடு போட்ட நோட்டு ஒன்று, பேனா. பெரிய புத்தகக் கடைகளில் கட்டு ஏறக்குறைய 30 முதல் 50 வெள்ளிக்குள் கிடைக்கும். ஓவியம் அழகாக இருக்கிறது என்று வேறு பாணிக் கட்டை முதலில் வாங்காதீர்கள். அட்டையில் உள்ளவர் எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறார் என்ற பார்வைத் திசையைப் பற்றிக் கீழே சொல்லப்போவது இந்த ஓவியங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

ஒரு முறை படித்து எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். சண்டை போட்ட இரவில் கட்டைக் கையில் எடுக்காதீர்கள். அன்று எந்த ராணி வந்தாலும் எதிரியின் முகம்தான் தெரியும்.

2. கேள்வியில் உங்களுக்கு ஓர் இடம் வையுங்கள்

“அவர் மனதில் என்ன இருக்கிறது?” என்று கேட்டால், வரும் அட்டைகள் எல்லாவற்றையும் அவர்மேல் ஏற்றிவிடுவீர்கள். “எங்கள் இருவருக்கும் இடையே பேச்சு ஏன் நின்றுபோகிறது?” என்று கேட்டால் இருவருக்கும் பங்கு கிடைக்கும். அட்டை உங்களைக் காட்டுவதற்கும் வாய்ப்புள்ள கேள்வியாக அது இருக்க வேண்டும். கேள்வியைத் தேதியோடு நோட்டில் எழுதிய பிறகுதான் கலைக்கத் தொடங்க வேண்டும். எழுதாத கேள்வி, அட்டையைப் பார்த்ததும் அதற்கேற்ப வளைந்துகொள்ளும்.

3. இடத்துக்கு முதலில் விதி எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஆளா, சுபாவமா என்பதைப் பெரும்பாலும் அட்டை முடிவு செய்வதில்லை. அது விழுந்த இடம்தான் முடிவு செய்கிறது. ஜாதகத்தில் ஏழாம் இடத்தில் எந்தக் கிரகம் இருந்தாலும் பேச்சு வாழ்க்கைத் துணையைப் பற்றியதாகவே இருக்கும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

என் விரிப்பு இப்படி. நடுவரிசையில் இடப்பக்கம் முதல் அட்டை, அது கேட்பவர். வலப்பக்கம் இரண்டாவது, அது துணை. இரண்டுக்கும் நடுவே மூன்றாவது, இடையில் நிற்பது. அதற்குக் கீழே நான்காவது, கேட்பவர் கவனிக்காதது. மேலே ஐந்தாவது, அடுத்துச் செய்யக்கூடியது.

இப்போது ஒவ்வோர் இடத்துக்கும் விதியை எழுதிக்கொள்ளுங்கள். முதல் இடத்தில் அரசவை அட்டை வந்தால் அது கேட்பவரின் நடத்தை. வேறு எவரும் அல்லர். இரண்டாம் இடத்தில் வந்தால் அது துணை, அதுவும் கேட்பவர் கண்ணுக்குத் தெரியும் அளவில் மட்டும். ஐந்தாம் இடத்தில் வருவது எப்போதும் ஒரு நடந்துகொள்ளும் முறை. “கோப்பைப் பேஜ் வந்திருக்கிறது, குழந்தை பிறக்கும்” என்று அங்கே சொல்லக் கூடாது, ஏனெனில் அந்த இடம் கேட்டது செயலைத்தான். மூன்றாம், நான்காம் இடங்கள் திறந்தவை. அங்கே வந்தால் மட்டும் ஐந்தாம் படியில் உள்ள சோதனைகளுக்குப் போக வேண்டும்.

விதிகளை அட்டை எடுப்பதற்கு முன் எழுதுவது அவசியம். பிடிக்காத அட்டை என் இடத்தில் விழுந்ததும் “இது அவருடைய அக்காவாக இருக்கும்” என்று தள்ளிவிடும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு.

4. ஆள் பட்டியல்: உறவுமுறையை விட்டு நடத்தையை எழுதுங்கள்

அட்டைகளைக் கலைப்பதற்கு முன், இந்த விஷயத்தில் கடந்த மூன்று மாதங்களில் வாய் திறந்தவர்கள் அல்லது ஏதாவது செய்தவர்கள் யார் யார் என்று எழுதுங்கள். நான்கைந்து பேருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் அவர் செய்ததை ஒரு வரியில் எழுதுங்கள். “அவருடைய அம்மா, கண்டிப்பானவர்” என்பது பயன்படாது. “அவருடைய அம்மா, வீடு வாங்குவதைத் தள்ளிப்போடச் சொன்னார்” என்பது பயன்படும்.

இங்கே தவிர்க்க வேண்டிய பொறி ஒன்று உண்டு. தோற்றத்தையும் வயதையும் வைத்து ஆளைப் பொருத்துவது. 1910-இல் வந்த புகழ்பெற்ற ஆங்கிலக் கையேடு கேட்பவருக்குரிய அட்டையைத் தேர்ந்தெடுக்க ஒரு கணக்கு தருகிறது. பொன்னிற முடியும் நீலக் கண்ணும் இருந்தால் கோல், கருமுடியும் கருவிழியும் இருந்தால் நாணயம் என்று போகும் அது. நாற்பது வயதைத் தாண்டிய பெண்ணுக்கு ராணி, அதற்குக் குறைந்தவளுக்குப் பேஜ். அதன்படி பார்த்தால் தேக்கா சந்தையில் சனிக்கிழமை காலை காய்கறி வாங்கும் நம்மவர் எல்லோரும் நாணய வகைதான்! மீதி மூன்று வகைகளையும் தூக்கிப் போட்டுவிடலாம். இன்றும் சிலர் “கறுத்த முடியுள்ள பெண் குறுக்கே வருகிறாள்” என்று சொல்வது இந்தக் கணக்கின் மிச்சம். இந்த ஊரில் அது யாரையும் அடையாளம் காட்டாது.

பாலினத்தையும் இறுகப் பிடிக்காதீர்கள். கணக்கையும் பொறுப்பையும் கையில் வைத்திருக்கும் பெரியம்மா நாணய ராஜாவாக வரலாம். மனம் தெரிந்து நடக்கும் ஆண் கோப்பை ராணியாக வரலாம்.

5. திறந்த இடத்தில் அரசவை அட்டை விழுந்தால்: மூன்று சோதனைகள்

முதல் சோதனை, நடத்தை. அட்டை காட்டும் நடத்தையை உங்கள் சொற்களில் ஒரு வாக்கியமாக எழுதுங்கள். பிறகு பட்டியலைப் பாருங்கள். அதே நடத்தையை அங்கே ஏற்கெனவே எழுதியிருக்கிறீர்களா? எழுதியிருந்தால் அந்த ஆள் நிற்கிறார். இல்லையென்றால், யாரையாவது இழுத்துப் பொருத்தத் தோன்றினாலும் விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, விலக்கிப் பார்ப்பது. அந்த ஆள் ஆறு மாதம் வெளிநாடு போய்விட்டார், கைபேசியும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை தீருமா? தீரும் என்றால் அட்டை அந்த ஆள்தான். “தீராது, அப்போதும் இதே கதைதான்” என்றால் அது உள்ளிருக்கும் ஒன்று.

மூன்றாவது, கண்ணாடி. அட்டைக்கு எழுதிய அதே வாக்கியத்தில் எழுவாயை “நான்” என்று மாற்றி உரக்கப் படியுங்கள். கடந்த ஒரு மாதத்தில் அப்படி நீங்கள் செய்த ஒரு சம்பவத்தைத் தேதியோடு சொல்ல முடிகிறதா? முடிந்தால், அது உங்கள் பகுதி என்பதற்குச் சான்று கிடைத்துவிட்டது. “நான் சில நேரம் அப்படித்தான்” என்ற பொதுப்பேச்சு சான்றாகாது. பதினாறு அட்டைகளில் எதை எடுத்தாலும் “சில நேரம்” எல்லோருக்கும் பொருந்தும்.

முதல் இரண்டும் ஓர் ஆளைக் காட்டி மூன்றாவது வெறுமையாக இருந்தால், ஆள். முதல் இரண்டில் ஒன்றாவது தோற்று மூன்றாவதில் சம்பவம் கிடைத்தால், சுபாவம். மூன்றும் தோற்றால் “தெரியவில்லை” என்று எழுதிவிட்டு அடுத்த அட்டைக்குப் போங்கள். மூன்றும் பொருந்தினால் இரண்டையும் குறித்துக்கொண்டு, படிப்பது மட்டும் உங்கள் பகுதியாக இருக்கட்டும்; அதில்தான் உங்களால் ஏதாவது செய்ய முடியும். சோதனை செய்யாமலே “இரண்டும்தான்” என்று சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. எதையும் சொல்லாமல் தப்பிக்க அதைவிட வசதியான பதில் கிடையாது.

பார்வைத் திசையைக் கடைசியில் மட்டும் பாருங்கள். சோதனைகள் சொன்னதை அது உறுதிப்படுத்தலாம், மாற்றக் கூடாது.

6. ஒரு விரிப்பை முழுக்கப் பார்ப்போம்

என் தோழியின் தங்கை சம்மதித்ததால் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவள் ராஃபிள்ஸ் பிளேஸில் அலுவலக வேலை பார்க்கிறாள். அவளுடைய துணைவருக்கு ஜூரோங் தீவில் ஷிப்டு வேலை. பிடிஓ வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பேச்சு எடுத்தாலே அவர் நாள்கணக்கில் மௌனமாகிவிடுகிறார். கேள்வி: “வீட்டுப் பேச்சு வந்தால் எங்களுக்குள் ஏன் பேச்சே நின்றுபோகிறது?”

பட்டியலில் மூவர். அவருடைய அம்மா, “அவசரம் வேண்டாம்” என்று ஒருமுறை சொன்னவர். விவாகரத்தான அவருடைய அக்கா, தீபாவளியன்று “எந்தப் பேட்டையில் பார்க்கிறீர்கள்?” என்று கேட்டவர். அவளுடைய அப்பா, வாரந்தோறும் “என்ன ஆயிற்று?” என்று கேட்பவர்.

விழுந்த அட்டைகள்: முதல் இடத்தில் எட்டு நாணயம், இரண்டில் நாணய நைட், மூன்றில் வாள் ராணி, நான்கில் ஆறு கோப்பை, ஐந்தில் கோப்பைப் பேஜ். ஐந்தில் மூன்று அரசவை அட்டைகள். அவள் மிரண்டுவிட்டாள். மூன்றோ அதற்கு மேலோ வருவது ஏறக்குறைய இருபது முறைக்கு ஒருமுறை நடக்கக்கூடியதுதான். “உங்களைச் சுற்றிக் கூட்டம் கூடியிருக்கிறது” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

விதியின்படி இரண்டாம் இடத்து நைட் அவர்தான். உழுத நிலத்தின் முன் அசையாமல் நிற்கும் கறுப்புக் குதிரை, மேலே நாணயத்தைக் கையில் ஏந்திய வீரன். நான்கு நைட்டுகளில் நகராமல் நிற்பவர் இவர் ஒருவரே. பணக் கணக்கு தீரும்வரை அடி எடுத்து வைக்காதவர் என்று படித்தோம். இதற்கு மேல் அவர் மனதுக்குள் நுழைய அந்த இடம் இடம் தராது.

ஐந்தாம் இடத்துப் பேஜ் செயல். அதைப் பிறகு பார்ப்போம் என்று வைத்தோம்.

மூன்றாம் இடம் திறந்தது. வாள் ராணியைப் பார்த்ததுமே அவள், “அக்கா, இது அவருடைய அக்காவேதான்” என்றாள். விவாகரத்தானவர், நறுக்கென்று பேசுபவர். வாள் ராணியை விதவை, தனித்திருப்பவள் என்று படிக்கும் பழக்கமும் உண்டு என்பதால் அது மிகச் சரியாகப் பொருந்துவதுபோல் தோன்றியது.

சோதனைக்குப் போனோம். ராணியின் நடத்தைக்கு அவள் எழுதிய வாக்கியம்: “ஆதாரத்தை முன்னால் வைத்து, நேராகக் கேட்டு, பதிலுக்காகக் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.” ஓவியத்தில் இருப்பதும் அதுதான், வலக்கையில் நிமிர்ந்த வாள், இடக்கை முன்னால் நீண்டிருக்கிறது. அக்காவுக்குப் பக்கத்தில் பட்டியலில் எழுதியிருந்தது ஒரே ஒரு தீபாவளிக் கேள்வி. முதல் சோதனை தோற்றது. அக்கா ஆறு மாதம் இல்லையென்றால் அவர் பேசுவாரா? சற்று யோசித்து, “பேச மாட்டார், அவங்க கேட்கிறதுக்கு முன்னாலேயே இப்படித்தான்” என்றாள். இரண்டாவதும் தோற்றது. அம்மாவும் அப்பாவும் அதே வழியில் வெளியேறினார்கள்.

மூன்றாவது சோதனைக்கு, கடைசி மௌனத்துக்கு முன் அவருக்குப் போன செய்தியைப் படிக்கச் சொன்னேன். கைபேசியைத் திறந்தாள். “முதலாவது” என்று தொடங்கி “ஐந்தாவது” வரை போனது அது. நடுவில் அவர் மார்ச் மாதம் எழுதியதன் திரைப்பிடிப்பும் இருந்தது. ஐந்தாவது வரை படித்துவிட்டு அவளே பேனாவை எடுத்து வாள் ராணிக்குப் பக்கத்தில் “நான்” என்று எழுதினாள்.

அதன் பிறகே திசையைப் பார்த்தோம். வாள் ராணி பார்ப்பவரின் வலப்பக்கம் நோக்கியிருக்கிறாள், அதாவது அவர் இருக்கும் பக்கம். நாணய நைட்டும் வலப்பக்கமே நோக்கியிருக்கிறார். எனவே ராணி பேசுவது அவர் முதுகிடம்.

ஐந்தாம் இடத்துக் கோப்பைப் பேஜ், கோப்பையிலிருந்து எட்டிப் பார்க்கும் மீனை ஆச்சரியத்தோடு பார்த்து நிற்பவர். எண்ணில்லாத, ஆதாரமில்லாத, பதிலை வற்புறுத்தாத ஒரே ஒரு கேள்வி என்று அதைச் செயலாக்கினோம். அவருடைய ஷிப்டு முடிந்த மறுநாள் உணவங்காடி நிலையத்தில், நேரில், வீட்டுச் சமையலறை எப்படி இருந்தால் அவருக்குப் பிடிக்கும் என்று கேட்பது. செய்தியில் கேட்கக் கூடாது.

கேட்டாள். அவர் சமையலறையைப் பற்றித்தான் முதலில் பேசினார். சில வாரங்கள் கழித்து, வீட்டுக்கென்று சேர்த்த பணத்தில் ஒரு பங்கை அக்காவுக்குக் கடனாகக் கொடுத்துவிட்டதைச் சொன்னார்.

அப்படியானால் ராணி அக்காதானா என்று அவள் என்னிடம் கேட்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அக்கா யாரையும் வாளோடு விசாரிக்கவில்லை, உதவி வாங்கியவர். நான்காம் இடத்தில், கவனிக்காத இடத்தில், ஆறு கோப்பை இருந்தது. ஒரு சிறுவன் சிறுமிக்குப் பூ வைத்த கோப்பையைக் கொடுக்கும் ஓவியம். நாங்கள் அதைப் பழைய நாள்களின் இனிமை என்று பொதுவாகப் படித்துவிட்டு நகர்ந்திருந்தோம். விஷயம் தெரிந்த பின் பொருத்துவது எளிது என்பதால் இதை நான் அட்டையின் வெற்றியாகக் கணக்கில் வைப்பதில்லை. ஆனால் வெளி ஆள் எண் அட்டைக்குள்ளும் இருக்கலாம் என்று அன்றிலிருந்து பார்த்துவருகிறேன். இரண்டு உருவங்கள் உள்ள எண் அட்டை திறந்த இடத்தில் வந்தால், அவற்றில் ஒன்றையும் ஆள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

7. தலைகீழாக வந்தால்

தலைகீழ் ராஜா கெட்டவர், தலைகீழ் ராணி சூழ்ச்சிக்காரி என்று உடனே ஆளாக்கிவிடுவது பரவலான பழக்கம். சோதனை முறை மாறாது. நடத்தை வாக்கியத்தை எழுதும்போது மட்டும், “அதே நடத்தை, அடக்கி வைத்திருப்பது அல்லது அளவுக்கு மீறிப்போவது” என்று எழுதிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் எல்லா அட்டைகளையும் நேராக வைத்தே பழகினாலும் குறையில்லை.

8. தெளிவு அட்டையும் மறுவாசிப்பும்

சோதனையில் “தெரியவில்லை” என்று வந்தால் இன்னோர் அட்டை எடுக்கலாம், ஆனால் ஒன்றே ஒன்று. எடுப்பதற்கு முன், “எண் அட்டை நேராக வந்தால் சுபாவம்” என்பதுபோல் விதி வகுக்காதீர்கள். அது நாணயம் சுண்டுவதற்குச் சமம். அந்த அட்டையை நடத்தை வாக்கியத்தோடு சேர்த்துப் படித்து, மூன்று சோதனைகளையும் மறுபடி ஓட்டுங்கள். அதற்கும் பதில் வராவிட்டால் நோட்டை மூடிவிடுங்கள். தெளிவு அட்டையே அரசவை அட்டையாக வந்தால் அன்றைக்கு அத்தோடு போதும்.

அதே கேள்வியை மறுபடி கேட்க நான்கு வாரமாவது இடைவெளி விடுங்கள். ஐந்தாம் இடத்துச் செயலைச் செய்யாமல் மறுபடி கேட்பதில் பயனில்லை. நான்கு வாரம் கழித்துப் பழைய பக்கத்தைத் திறந்து, “ஆள்” என்று முடிவு செய்தவர் உண்மையிலேயே ஏதாவது செய்தாரா, “நான்” என்று முடிவு செய்த நடத்தை குறைந்தபோது எதிரில் ஏதாவது மாறியதா என்று பக்கத்திலேயே குறியுங்கள். பத்துப் பன்னிரண்டு பக்கங்கள் சேர்ந்தால் உங்கள் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். எல்லாவற்றையும் பிறர்மேல் ஏற்றுபவர்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் தன்னையே குறை சொல்பவர்களும் உண்டு; துணை கை ஓங்குகிறார் அல்லது வீட்டை விட்டு வெளியே போகவிடுவதில்லை என்றால், அங்கே கண்ணாடிச் சோதனையைச் செய்யவே கூடாது. அது அட்டையிடம் கேட்கும் விஷயமும் அல்ல.

விரிப்பைப் படம் எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். வாள் ராணி யார் என்ற விவாதம் மூன்று தலைமுறைக்கும் பரவும்.

9. வேறொருவரிடம் காசு கொடுத்துப் பார்ப்பதானால்

அரை மணி நேரத்துக்கு எவ்வளவு, கூடுதல் கேள்விக்குத் தனிக் கட்டணமா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். அட்டைகளை விரிப்பதற்கு முன், “எந்த இடம் எதைக் குறிக்கிறது?” என்றும் கேளுங்கள். இடங்களைச் சொல்லாமல் விரிப்பவர், விழுந்த பிறகு எந்த ராணியையும் எவராகவும் ஆக்கிவிடலாம். அரசவை அட்டை ஒன்றை “உங்கள் வாழ்க்கையில் இருக்கும் ஒரு பெண்” என்று அவர் சொன்னால், எந்த நடத்தையை வைத்து அப்படிச் சொல்கிறார் என்று கேளுங்கள். அவர் முடியின் நிறத்தையோ வயதையோ சொன்னால் அந்தப் பகுதியை நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டாம். அந்தப் பெண்ணின் கெடுதலை நீக்கப் பரிகாரம் செய்ய வேண்டும், அதற்குத் தனியாக இவ்வளவு ஆகும் என்று தொகை சொன்னால், பேசிய கட்டணத்தை மட்டும் கொடுத்துவிட்டு எழுந்துவிடுங்கள்.